சொல்பவர் ஆணா, பெண்ணா?

குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைத் தலைவன் தலைவியிடம் சொன்னதாகவே பெரும்பாலோர் அறிவார்கள். ஆனால், அதன் ஐந்து அடிகளிலும் சொல்பவர் ஆண் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. பாட்டோடு சேர்த்து அச்சிடப்படும் கூற்றுக் குறிப்புதான் அதைச் சொல்கிறது. தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு அவன் தேற்றியதாக அது சூழலையும் அமைத்துத் தருகிறது. இத்தகைய குறிப்புகள் பாடல்களுக்குப் பின்னர் எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் என்ன மிஞ்சும்? ஒருவர் இன்னொருவரை நேரில் விளித்துப் பேசுகிறார். இருவரின் தாய்மாரும் ஒருவருக்கொருவர் யாரோ; தந்தையருக்குள்ளும் உறவு இல்லை; இருவரும் முன்பு அறிமுகமானவர்களும் அல்லர். ஆயினும் செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன. கலந்தது முடிந்த செயலாகவே சொல்லப்படுகிறது.

பால் வெளிப்படாததற்கு இலக்கணமே காரணம். ‘யான்’, ‘நீ’ என்னும் சொற்கள் இருபாலுக்கும் பொது. பாட்டின் முடிவில் வரும் வினைச்சொல்லும் நெஞ்சங்களையே எழுவாயாகக் கொண்டு அஃறிணைப் பன்மையில் நிற்கிறது. குறுந்தொகையின் மூன்றாம் பாடலிலோ அன்புக்குரியவர் ‘நாடன்’ எனப்படுவதால், அவர் ஆண் என்பது உறுதியாகிவிடுகிறது. நாற்பதாம் பாடலில் அப்படியொரு சொல் இல்லை. புலவரைக் கொண்டும் ஊகிக்க வழியில்லை; செம்புலப்பெயனீரார் என்ற பெயரே பாட்டின் உவமையிலிருந்து பிறந்தது.

அதற்காக யாரை வேண்டுமானாலும் பேசுபவராகக் கொள்ள முடியாது. கலந்த இருவரில் ஒருவரே பேசுவதால் தோழியும் செவிலியும் விலகிவிடுகிறார்கள். அகப்பாட்டின் மரபுப்படி எஞ்சுவோர் தலைவனும் தலைவியும்தான். அவர்களில் யார் என்பதைப் பாட்டு முடிவுசெய்யவில்லை. தலைவி பேசுவதாக வைத்துப் படித்தாலும் எந்தச் சொல்லும் இடறுவதில்லை. ஒரு ஊகத்தைச் சோதிக்க இதுவே எளிய வழி: மறுபாலை வைத்துப் படிக்கும்போது ஏதேனும் ஒரு சொல் முரண்பட்டால் ஊகத்துக்குப் பாட்டில் சான்று உண்டு, முரண்படாவிட்டால் அது படிப்பவர் கொண்டுவந்தது.

வயதுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பெற்றோரைப் பற்றிய பேச்சு இளமையை நினைவூட்டலாம். ஆனால் இருவருடைய வயதையோ, பெற்றோர் உயிரோடு இருப்பதையோ பாட்டு சொல்லவில்லை. அச்சமும் குறிப்பில் உள்ளதே. பாட்டின் கேள்விகளை ஆறுதலாகவும் வியப்பாகவும் படிக்கலாம். இருவரும் வெவ்வேறு சாதியினர் என்ற இக்கால வாசிப்புக்கும் நேரடிச் சான்று இல்லை. பாட்டு மறுப்பது உறவையும் முன் அறிமுகத்தையும் மட்டுமே.

கூற்றுக் குறிப்பை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முன்னோர் அப்பாட்டை எப்படிப் படித்தார்கள் என்பதற்கு அது சான்று. பாட்டே சொல்வது, மரபு அனுமதிப்பது, குறிப்பு சேர்ப்பது என மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.