பன்னிரண்டு சீட்டும் ஒரு பூவரச இலையும்

மகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவானதும் நான் முதலில் செய்தது, பள்ளிக்கூடம் போலவே ஒரு கால அட்டவணை போட்டதுதான். ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்குத் தமிழ். இரண்டே வாரத்தில் அது குலைந்தது. ஒரு நாள் மழை, ஒரு நாள் உறவினர் வருகை. தவறிய பாடம் மறுநாள் தலையில் ஏறி, எல்லாமே பாக்கியாகத் தெரிந்தது.

இப்போது நேரத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு பிஸ்கட் டப்பாவில் வாரத்துக்குப் பன்னிரண்டு சீட்டு: கணக்கு ஐந்து, மொழி ஐந்து, நடை இரண்டு. கணக்கும் மொழியும் அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிடம். நடை ஒன்றரை மணி நேரம். எந்தச் சீட்டை எப்போது எடுப்பது என்பது அவள் விருப்பம். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் கூடாது, ஒரே வகை அடுத்தடுத்து வரக்கூடாது. அவ்வளவுதான் விதி. சனிக்கிழமை மீந்ததை அடுத்த வாரத்தில் சேர்ப்பதில்லை. எது மீந்தது என்று மட்டும் நோட்டில் குறித்துவைப்பேன்.

அந்தக் குறிப்பு பெரிய உதவி. ஒருமுறை மூன்று வாரம் தொடர்ந்து வகுத்தல் சீட்டே மீந்தது. சோம்பல் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, வகுத்தல் முறை அவளுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டில் ஆறேழு நாற்பத்திரண்டுக்குப் பிறகுதான் தடுமாறினாள். பத்துப் பத்து நிமிடமாக இரண்டு வாரம் வாய்ப்பாடு சொன்னோம், வகுத்தல் நகர்ந்தது. நடையிலேயே எல்லாக் கணக்கும் வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வராது. ஐந்தில் மூன்று சீட்டு பாடப்புத்தகத்துக்கும் பயிற்சிக்கும்தான். மீதி இரண்டுக்குத்தான் நடை தீனி போடுகிறது.

கண்மாய்க் கரையில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. அதன் இலை ஒன்றைக் கொண்டுவந்து சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளில் வைத்து ஓரம் வரைந்தாள். முழுக் கட்டங்கள் 58. பாதியும் அதற்கு மேலும் நிறைந்தவை 17. அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பாதிக்குக் குறைந்தவற்றை விட்டுவிட்டோம். ஆக 75 சதுர சென்டிமீட்டர். அந்தக் கிளையில் 24 இலை என்று எண்ணிவந்திருந்தாள். 75ஐ 24ஆல் பெருக்கினால் 1,800. எங்கள் வீட்டுத் தரை ஓடு முப்பதுக்கு முப்பது, அதாவது 900. “ஒரு கிளைக்கு ரெண்டு ஓடு!” என்று தரையில் உட்கார்ந்து தடவிப் பார்த்தாள்.

சற்றுநேரம் கழித்து, “எல்லா இலையும் இதே அளவாம்மா?” என்றாள். அடுத்த நடையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று இலை வந்தன: 40, 75, 95. கூட்டினால் 210, மூன்றால் வகுத்தால் 70. இப்போது கிளைக்கு 1,680. சராசரி என்ற சொல்லை அன்றைக்குத்தான் சொன்னேன்.

மொழிக்கும் அதே மரம்தான். நடை முடிந்து வந்ததும் பார்த்ததை வாயால் சொல்லுவாள். நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொள்வேன். “நேத்து மஞ்சளா இருந்த பூ இன்னிக்கு செவந்து கெடந்துச்சு. ஒண்ணு மட்டும் வாடல.” மறுநாள் மொழிச் சீட்டில் இதை எழுத்துத் தமிழாக மாற்றுவது அவள் வேலை: “நேற்று மஞ்சளாக இருந்த பூ இன்று சிவந்து கிடந்தது. ஒன்று மட்டும் வாடவில்லை.” அதற்கடுத்த நாள் அதையே சொல்லச் சொல்ல எழுதுவாள். மீதி இரண்டு சீட்டும் வாசிப்புக்கு.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் தமிழ்க் குழந்தைக்குப் பெரிய தூரம். நேரடியாகக் கட்டுரை எழுதச் சொன்னால், எழுதத் தெரிந்த நான்கு வாக்கியங்களுக்குள் சுருங்கிவிடும். முதலில் பேசவிட்டால் பார்த்தது முழுவதும் வெளியே வருகிறது. விதியையும் அவளே கண்டுபிடித்தாள்: ‘-துச்சு’ வந்தால் ‘-தது’. அந்த உற்சாகத்தில் ‘போச்சு’ என்பதைப் ‘போதது’ என்று எழுதினாள். அந்தப் பிழையில் எனக்கு மகிழ்ச்சிதான், விதியை எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கிறாள் என்பது அதில் தெரிந்தது. ‘போயிற்று’, ‘ஆயிற்று’ இரண்டையும் நோட்டின் ஓரத்தில் தனியே எழுதிக்கொண்டாள்.

நடையைக் கெடுத்ததும் நான்தான். ஆரம்பத்தில் ஒவ்வொரு மரத்தடியிலும் “இது என்ன மரம்? இலை எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே போனேன். சில நாளில் அவள் மரத்தைப் பார்ப்பதை விட்டு, விடை சரியா என்று என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். இப்போது நடையில் நான் கேள்வி கேட்பதில்லை. எண்ணவோ அளக்கவோ ஒரே ஒரு வேலையோடு போகிறோம். மற்ற நேரம் அவள் இஷ்டம்.

மழை பிடித்துக்கொண்டால் நடைச் சீட்டு மொட்டைமாடிக்குப் போகும். நேர்ப்பக்கம் உள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, மழை விட்டதும் உள்ளே ஸ்கேலை நிறுத்தி நீர்மட்டம் பார்ப்போம். ஸ்கேல் முனையிலிருந்து பூஜ்ஜியக் கோடு வரை உள்ள சிறு இடைவெளியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதை மறந்துதான் முதல் தடவை மழையைக் குறைத்து எழுதினோம். போன வாரம் 18 மில்லிமீட்டர். வாளியில் வைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று கேட்டாள். வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் என்பதால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறோம்.