ஒரு வரிக்கு 18 கட்டம்

போகிமான் ரெட் 1996-ல் ஜப்பானில் வெளிவந்த கேம்பாய் விளையாட்டு. 1998-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு பேராசிரியர் திரையில் தோன்றி Welcome என்று வரவேற்பார். விளையாட்டின் 1 மெகாபைட் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், அகப்படாது. வசனம் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் கணினிகள் பொதுவாக எழுத்துகளுக்குத் தரும் எண்களை இந்த விளையாட்டு பயன்படுத்தவில்லை. தனக்கென்று ஓர் எண்வரிசை வைத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க மொழிபெயர்ப்பாளர்களிடம் பழைய உத்தி ஒன்று உண்டு. எண்கள் தெரியாவிட்டாலும் a, b, c என்ற வரிசை மாறியிருக்காது என்று வைத்துக்கொள்வார்கள். elcome என்ற துண்டில் e-யிலிருந்து l 7 படி மேலே, அங்கிருந்து c 9 படி கீழே, o 12 படி மேலே, m 2 கீழே, கடைசி e 8 கீழே. இதே ஏற்ற இறக்கம் கோப்பில் எங்கே வருகிறது என்று தேடினால் A4 AB A2 AE AC A4 என்ற பைட்டுகள் சிக்கும். முதலில் உள்ள W-வைச் சேர்க்காததற்குக் காரணம், பெரிய எழுத்துகள் தனி வரிசையில் இருக்கலாம் என்பதுதான். ell போன்ற குட்டித் துண்டைத் தேடினால் படங்களும் இசையும்கூட வசனம் மாதிரி வந்து நிற்கும்.

e என்பது A4 என்றால் a என்பது A0. மற்றதெல்லாம் தானே வந்துவிடும். அதை ஓர் அட்டவணையாக எழுதிக்கொள்ள வேண்டும்:

```
7F= 
80=A
A0=a
4F=<LINE>
50=<END>
52=<PLAYER>
```

கடைசி மூன்றும் எழுத்துகள் அல்ல, கட்டளைகள். 4F அடுத்த வரிக்குப் போகச் சொல்கிறது; 50 சரம் முடிந்தது என்கிறது; 52 வந்தால் ஆடுபவரின் பெயர் அந்த இடத்தில் விழும். வசனத்தைப் பிரித்தெடுக்கும் நிரல் இவற்றை இப்படியே குறிகளாக விட்டுவைக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் ஒரு குறியைத் தெரியாமல் அழித்துவிட்டால், குறிப்பாக 50-ஐ, ஆட்டம் அடுத்துள்ள பைட்டுகளையும் வசனமாக எண்ணித் திரையில் கொட்டிக்கொண்டே போகும்.

அடுத்தது அகலம். கேம்பாய் திரையில் குறுக்கே 20 கட்டங்கள், ஒவ்வொன்றும் 8க்கு 8 புள்ளி. வசனப் பெட்டியின் இரு ஓரக் கோடுகளும் ஒவ்வொரு கட்டம் எடுத்துக்கொண்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 18. வரி நீண்டால் தானாக மடித்துத் தரும் வசதி இந்த ஆட்டத்தில் கிடையாது. 19ஆவது எழுத்து வலது ஓரக் கோட்டின் மேல் ஏறும். அதற்கடுத்தது கீழ்வரிசையின் இடது ஓரத்தில் போய் உட்காரும். பெட்டிக்கோடு அறுந்து தெரிந்தால் காரணம் இதுதான். 52 என்ற கட்டளை கோப்பில் ஒரே பைட், திரையில் 7 எழுத்து வரை விரியும். ஆகவே பெயர் வரும் வரியில் மற்றச் சொற்களுக்கு 11 கட்டம்தான். ASH என்ற பெயரை வைத்துச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

இதையே தமிழில் செய்தால்? ‘கொடுத்தான்’ என்பது நமக்கு 5 எழுத்து. யூனிகோட் கணக்கில் 10 குறியீடு, யுடிஎப்-8 கோப்பில் 30 பைட். கட்டங்களில் கொம்பு, க, கால், டு, த், த, கால், ன் என்று 8. இந்த 8-தான் நமக்கு வேண்டிய எண். வரி நீளத்தை நிரலாக்க மொழியின் சாதாரண நீளக் கணக்கிடம் கேட்டால் இது கிடைக்காது; கட்டங்களை எண்ணும் கணக்கை நாமே எழுத வேண்டும்.

எழுத்துரு இன்னொரு நெருக்கடி. 80 முதல் FF வரை 128 படங்களுக்கு இடமுண்டு. உயிர் 12, ஆய்தம் 1. மெய் 18, அகரம் ஏறியவை 18. இ, ஈ, உ, ஊ ஏறியவை 72. கால், இரு கொம்புகள், ஐகாரக் குறி 4. மொத்தம் 125. எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் மிஞ்சுவது 3 இடம். ஜ, ஷ பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு வழி ஜப்பானிய மூலத்திலேயே இருக்கிறது. கா-வைக் ‘ga’ ஆக்கும் இரட்டைக் கோட்டை அவர்கள் எழுத்தோடு சேர்த்து வரையவில்லை. வசனத்தின் இரு வரிகளுக்கு இடையே ஒரு வரிசை வெறுமையாக இருப்பதால், கோட்டை எழுத்துக்கு மேலே உள்ள கட்டத்தில் தனியாக வைத்தார்கள். மெய்யின் புள்ளியையும் அப்படி மேலே வைத்தால் 18 படங்களுக்குப் பதில் ஒரு புள்ளி போதும், 17 இடம் மிச்சம். ஆனால் இதற்கு எழுத்தை வரையும் நிரல் பகுதியையே திருத்த வேண்டும். ண, ஞ போன்றவற்றை 8 புள்ளி அகலத்தில் வாசிக்கும்படி வரைவது தனிப் பாடு.

ஆடுபவரின் பெயருக்கு உள்ள 7 எழுத்து வரம்பும் அப்போது 7 கட்டமாகிவிடும். கார்த்திக் 6 கட்டத்தில் நுழைந்துவிடுவார். செந்தில்குமாருக்கு 9 வேண்டும்; அவர் செந்திலாகத்தான் ஆட முடியும்.