போன் ஓவேலியில், முகவரி சென்னையில்

கூடலூரை அடுத்த ஓவேலியில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து மொபைல் டேட்டாவில் வானிலைத் தளம் ஒன்றைத் திறந்தால், அது சென்னை வெயிலைக் காட்டக்கூடும். அதே போனின் மேப் ஓவேலியில்தான் நீலப் புள்ளி வைக்கும். மேப் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளை வாங்கிக் கணக்கிடுகிறது. இருப்பிட அனுமதி தரப்படாத இணையதளம் ஊரை ஊகிக்கப் பெரும்பாலும் நம்புவது ஐ.பி. முகவரி என்ற எண்ணைத்தான்.

பழைய முறையில், அதாவது ஐ.பி. நான்காம் பதிப்பில், உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவற்றின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. போனுக்கு ஒன்று கொடுக்க வழியில்லை. அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்கின்றன. எஸ்டேட் ஆபீஸ் விலாசத்துக்கு வரும் தபால்களைக் கிளார்க் பிரித்து லைன் வீடுகளுக்கு அனுப்புவது போலத்தான்.

பிரிப்பது எப்படி? உதாரணத்துக்கு, ஓவேலி போனுக்கு நிறுவனம் தரும் உள்முகவரி 100.72.14.9 என்று வைத்துக்கொள்வோம். அது நிறுவனத்தின் வலைக்குள் மட்டும் செல்லும். வெளியே போகும் வாசலில் ஒரு கருவி அதை 203.0.113.25 என்று மாற்றி, கூடவே 21508 என்ற போர்ட் எண்ணையும், அதாவது இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணையும் ஒட்டி, இரண்டையும் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் 21508-க்கு வந்ததும் அட்டவணையைப் பார்த்து இந்தப் போனுக்கே திருப்பிவிடுகிறது. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்கள் உண்டு. ஆளுக்கு ஆயிரம் ஒதுக்கினால் அறுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே முகவரியில் குடியிருக்கலாம். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிடுவதுதான் அதிசயம்!

அந்த வாசல் ஓவேலி டவரில் இல்லை. தொலைவிலுள்ள பெருநகர மையத்தில் இருக்கும். எந்த முகவரி எந்த ஊர் என்று தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளங்கள் அந்த நகரத்தையே எழுதி வைக்கின்றன. மழையில் நனையும் ஓவேலிக்குச் சென்னை வெயில் வருவது இப்படித்தான்.

அடிக்கடி கேப்ட்சா வந்து நிற்பதற்கும் இந்த முகவரிப் பகிர்வு ஒரு காரணம். பாதுகாப்பு மென்பொருள்கள் முகவரிவாரியாக வேண்டுகோள்களை எண்ணுகின்றன. அறுபது பேரின் தேடல்கள் ஒரே முகவரியிலிருந்து வந்தால், ஒரு தானியங்கி நிரல் தளத்தைக் குடைவது போலவே தெரியும். அதில் ஒருவர் போனில் வைரஸ் இருந்து ஸ்பாம் அனுப்பினாலும், அந்தக் கெட்ட பெயர் மற்ற எல்லோர் மேலும் ஒட்டும். ஒரு தப்பும் செய்யாதவர் போக்குவரத்து விளக்குப் படங்களைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருப்பார். இது அநியாயம்தான். பகிர்ந்த முகவரி என்று தெரிந்தால் தளங்கள் கணக்கைத் தளர்த்தியாக வேண்டும்.

வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் போனிலேயே சோதிக்கலாம். போன் அமைப்புகளில் காட்டும் நான்காம் பதிப்பு முகவரியையும், ஐ.பி. காட்டும் தளம் சொல்வதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, போனிலுள்ளது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் பகிர்வு நடக்கிறது. ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் சில சமயம் வேறு முகவரி கிடைத்து, தொல்லை தற்காலிகமாக நிற்கும்.

ஐ.பி. ஆறாம் பதிப்பில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பேசும் தளங்களுக்குப் போன் தன் சொந்த முகவரியிலேயே போவதால், அடுத்தவர் குற்றம் நம் மேல் விழுவது வெகுவாகக் குறையும். ஊர் மட்டும் அப்போதும் தப்பாக வரலாம். வாசல் அதே நகரத்தில்தானே இருக்கிறது.