ஃபுட்டிங்கின் அகலம் எவ்வளவு?

தூண் வழியாக இறங்கும் பாரத்தை மண் தாங்கும் அளவுக்குப் பரப்பிவிடுவதே தனி ஃபுட்டிங்கின் வேலை. தூணின் பாரத்தையும் மண்ணின் அனுமதிக்கப்பட்ட தாங்குதிறனையும் கொண்டு அதன் நீள அகலம் முடிவாகிறது. தடிமனும் கம்பியும் பிறகு பார்க்க வேண்டியவை.

ஒரு தூணில் 60 டன் இறங்குகிறது. மண் பரிசோதனை அறிக்கை சதுர மீட்டருக்கு 20 டன் அனுமதிக்கிறது என்று கொள்வோம். ஃபுட்டிங்கின் எடைக்கும் அதன் மேல் நிரப்பும் மண்ணுக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 66 டன். இதை 20ஆல் வகுத்தால் 3.3 சதுர மீட்டர். 1.85 மீட்டர் சதுரம் போட்டால் பரப்பு 3.42, போதும்.

இங்கே எடுக்கும் பாரம் உண்மையில் இறங்கும் பாரம்தான். கம்பி கணக்கிடும்போது பாரத்தை ஒன்றரை மடங்காக்குவார்கள். அதே எண்ணைப் பரப்புக்கும் எடுத்தால் ஃபுட்டிங் காரணமின்றிப் பெருக்கும். அனுமதி அளவுக்குள்ளேயே பாதுகாப்பு அடங்கியிருக்கிறது: மண் உடையும் அழுத்தத்தை 2.5 அல்லது 3ஆல் வகுத்து, மண் எவ்வளவு அமுங்கும் என்பதையும் பார்த்து, இரண்டில் குறைந்ததையே அறிக்கையில் தருகிறார்கள்.

ஆனால் 1.85 மீட்டரோடு வேலை முடிவதில்லை. பெரும்பாலான தூண்களில் நேர்ப்பாரத்தோடு வளைவு விசையும் இறங்கும். அது 4 டன்-மீட்டர் என்றால் ஃபுட்டிங்கின் ஒரு விளிம்பில் அழுத்தம் கூடி, எதிர் விளிம்பில் குறையும். சராசரி அழுத்தம் 66 ÷ 3.42, அதாவது 19.3 டன். விளிம்பில் கூடுவது, வளைவு விசையை அகலத்தின் கனத்தில் ஆறிலொரு பங்கால் வகுத்தால் வருவது: 3.8 டன். ஆக அழுத்தம் 23 டன்னைத் தாண்டுகிறது. சராசரி சரியாக இருந்தும் ஃபுட்டிங் தேறவில்லை. அகலத்தை 2 மீட்டராக்கினால் சராசரி 16.5, கூடுவது 3. ஒரு விளிம்பில் 19.5, மறு விளிம்பில் 13.5. இது சரி. 15 சென்டிமீட்டர் கூட்டியதற்கே இவ்வளவு இறங்குவதற்குக் காரணம், பரப்பு அகலத்தின் வர்க்கமாகவும் வளைவைத் தாங்கும் திறன் கனமாகவும் வளர்வதுதான்.

உண்மையான ஆபத்து மனையின் எல்லையில் இருக்கிறது. பக்கத்து மனைக்குள் ஃபுட்டிங் போக முடியாததால் தூணை அதன் ஓரத்திலேயே நிறுத்துவார்கள். 23 சென்டிமீட்டர் தூண் இந்த 2 மீட்டர் ஃபுட்டிங்கின் ஓரத்தில் நின்றால், மொத்தப் பாரம் நடுவிலிருந்து ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் விலகி விழும். அகலத்தில் ஆறிலொரு பங்கான 33 சென்டிமீட்டரை விலகல் தாண்டினாலே எதிர் விளிம்பு மண்ணைவிட்டுத் தூக்கும். இங்கே 60 சென்டிமீட்டர் பட்டை மட்டும் மண்ணில் பதியும். அதன் ஓரத்தில், சாய்வை வேறெதுவும் தடுக்காவிட்டால், 110 டன் அழுத்தம் வரும். அகலத்தைக் கூட்டினால் விலகலும் கூடுமே தவிரத் தீராது. அந்தத் தூணை உள்தூணோடு ஒரே ஃபுட்டிங்கில் சேர்ப்பதோ, இரண்டு ஃபுட்டிங்கையும் உறுதியான பீமால் இணைப்பதோதான் வழி.