ஆசிரியர் எழுதும் டெஸ்டர் விண்ணப்பம்

பள்ளியை விட்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு வர நினைக்கும் ஆசிரியர்களின் விண்ணப்பக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பொறுமை உண்டு, நேரம் தவறமாட்டேன், புதிதாகக் கற்கும் ஆர்வம் உண்டு என்று எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வங்கி வேலைக்கும் அதே கடிதத்தை அனுப்பிவிடலாம். இவரிடம் ஒரு மென்பொருளைக் கொடுத்தால் எங்கே தட்டிப் பார்ப்பார் என்பதுதான் வேலைக்கு எடுப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அதைக் காட்ட வெளியே போய் எதையும் தேட வேண்டாம். பள்ளியின் எக்செல் மதிப்பெண் பட்டியலே போதும். அறிவியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தால்தான் தேர்ச்சி என்பது விதி. இரண்டையும் கூட்டினால் 35 வருவதால், பட்டியலைத் தயாரித்தவர் இப்படி எழுதிவிடுகிறார்:

```
=IF(B2+C2>=35,"PASS","FAIL")
```

60, 22 என்று போட்டுப் பாருங்கள், PASS. 10, 5 போட்டால் FAIL. சரியாகத்தானே இருக்கிறது என்று மூடி வைத்துவிடத் தோன்றும். ரிசல்ட் தயாரித்துப் பழகிய ஆசிரியர் அங்கே நிற்கமாட்டார். செய்முறையில் முழு மதிப்பெண்ணும் வாங்கி, எழுத்தில் ஒரே மதிப்பெண்ணில் கோட்டைவிட்ட பிள்ளைகள் அவர் நினைவுக்கு வருவார்கள். 19, 25 என்று போடுவார். மொத்தம் 44, பட்டியல் PASS என்கிறது. விதிப்படி அது FAIL. தேர்ச்சிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துப் பார்ப்பதற்கு டெஸ்டிங்கில் 'பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ்' என்று பெயர். பெயர் தெரியாமலே ஆசிரியர்கள் செய்துவரும் வேலை அது.

சூத்திரத்தைத் திருத்துகிறார்கள்:

```
=IF(AND(B2>=20,C2>=15),"PASS","FAIL")
```

19, 25 இப்போது FAIL என்று சரியாக வருகிறது. ஆனால் எழுத்துத் தேர்வுக்கே வராத மாணவருக்கு B2-வில் AB என்று இருக்கிறது, செய்முறையில் 18. பட்டியல் PASS என்கிறது! எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடும்போது எழுத்துதான் பெரிது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். அதனால் AB என்பது 20-ஐத் தாண்டிவிடுகிறது. பழைய சூத்திரம் இதே இடத்தில் #VALUE! என்று பிழையாவது காட்டியிருக்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்டது, அதுவும் சத்தமில்லாமல். திருத்தியபின் பழைய சோதனைகளையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பதை 'ரிக்ரெஷன் டெஸ்டிங்' என்பது இதனால்தான்.

இனி கடிதத்தின் நடுப் பத்தியை எழுதுவது சுலபம்: "எங்கள் பள்ளியின் அறிவியல் மதிப்பெண் பட்டியலுக்கு டெஸ்ட் கேஸ்கள் எழுதிச் சோதித்தேன். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்ததால், எழுத்தில் 19 எடுத்தவருக்குத் தேர்ச்சி வந்தது. சூத்திரத்தைத் திருத்தியபின், தேர்வுக்கு வராதவருக்கும் தேர்ச்சி வந்தது. இரண்டுக்கும் பக் ரிப்போர்ட் இணைத்துள்ளேன்." பொறுமை என்ற சொல் இதில் இல்லை, தேவையும் இல்லை.

இணைக்கும் பக் ரிப்போர்ட் அரைப் பக்கம் இருந்தால் போதும். தலைப்பு: எழுத்தில் 19 எடுத்தவருக்கு PASS வருகிறது. செய்தது: B2-வில் 19, C2-வில் 25 இட்டேன். வர வேண்டியது: FAIL. வந்தது: PASS. எந்த எக்செல் பதிப்பு என்பதையும் சேர்க்கலாம். சிவப்பு மை பழக்கம் மட்டும் இங்கே ஆகாது. 'கவனக்குறைவு', 'இன்னும் முயற்சி தேவை' என்று விடைத்தாளில் எழுதுவதுபோல எழுதினால், டெவலப்பர் பிழையை விட்டுவிட்டு உங்களோடு மல்லுக்கு நிற்பார்.

வகுப்பறையில் விடைக்குறிப்பு கையிலேயே இருக்கும். கம்பெனியில் பல நேரம் இருக்காது. தேர்வுக்கு வராதவருக்கு FAIL என்று வர வேண்டுமா, ABSENT என்று வர வேண்டுமா? விதி அதைச் சொல்லவில்லை. டெஸ்டர் தானாக ஒன்றை முடிவுசெய்யாமல், உரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 'இதைக் கேட்டுத் தெளிவுபெற்றேன்' என்ற ஒரு வரி கடிதத்தில் இருந்தால் அனுபவசாலிகளின் கண்ணில் படும்.

தெரியாததையும் மறைக்க வேண்டாம். எஸ்கியூஎல் படித்துக்கொண்டிருக்கிறேன், ஜிரா பயன்படுத்தியதில்லை என்று எழுதிவிடலாம். எப்படியும் நேர்காணலில் தெரிந்துவிடும். ஐஎஸ்டிகியூபி ஃபவுண்டேஷன் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. துறையின் சொற்கள் பிடிபட அது உதவும். அதை வைத்து மட்டும் வேலை கிடைத்துவிடாது.

ஒரு வேண்டுகோள். கடிதத்தோடு மதிப்பெண் பட்டியலை இணைக்கும்முன் பிள்ளைகளின் பெயர், பதிவெண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கற்பனை மதிப்பெண்களைப் போடுங்கள். உண்மையான பட்டியலை வெளியே அனுப்புகிறவரிடம் வாடிக்கையாளர் தகவலை நம்பி ஒப்படைக்க எந்த நிறுவனமும் யோசிக்கும்.