ஒரே கட்டத்தில் ஒரு நாள் செலவு: காற்புள்ளிகளுக்கு இடையே உள்ள எண்களைக் கூட்டுவது எப்படி?

காஜாங்கில் படிவம் 4 படிக்கும் ஒரு மாணவி, தன் ஒரு வாரச் செலவைக் கைப்பேசியில் கூகுள் சீட்ஸில் எழுதி வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். A நெடுவரிசையில் கிழமை, B நெடுவரிசையில் அன்றைய செலவு. ஒவ்வொரு செலவுக்கும் புதிய வரிசை திறக்கப் பொறுமையில்லை. அதனால் அன்றைய தொகைகளை எல்லாம் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு எழுதிவிடுகிறாள்.

```
திங்கள்     2.50,1.20,3.00
செவ்வாய்    2.50,4.80
புதன்       3,120
வியாழன்    2.50,4 bas
வெள்ளி     2.50,3.50,6.90
```

புதன்கிழமை சிற்றுண்டிச்சாலையில் 3 ரிங்கிட்டும் பள்ளிச் சுற்றுலாவுக்கு 120 ரிங்கிட்டும் கொடுத்திருக்கிறாள். வியாழக்கிழமையின் 4 ரிங்கிட் பேருந்துக் கட்டணம். வாரக் கடைசியில் `=SUM(B2:B6)` என்று கொடுக்கிறாள். விடை 3120! பள்ளி மாணவி ஐந்து நாளில் மூவாயிரம் ரிங்கிட் செலவழிப்பாளா? மனக்கணக்காகக் கூட்டிப் பாருங்கள், 156 ரிங்கிட் 40 சென்தான் வரும்.

மென்பொருள் கூட்டத் தெரியாமல் தடுமாறவில்லை. விரிதாளில் ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு மதிப்புதான் இருக்க முடியும். அது எண்ணாக இருக்கும், அல்லது எழுத்தாக இருக்கும். நீங்கள் `2.50,4.80` என்று தட்டும்போது, அது எந்த எண்ணின் வடிவத்திலும் பொருந்தாததால் மென்பொருள் அதை ஒரு சொல்லைப் போல, எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. SUM எழுத்துகளைக் கண்டால் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். ஆகவே திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நான்கும் கணக்கிலேயே சேரவில்லை.

புதன்கிழமை மட்டும் ஏன் சேர்ந்தது? நம் நாட்டில் ஆயிரத்தைப் பிரிக்க காற்புள்ளி போடுகிறோம். காற்புள்ளிக்குப் பின் சரியாக மூன்று இலக்கங்கள் வந்ததால், `3,120` மூவாயிரத்து நூற்று இருபது ஆகிவிட்டது.

இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். நாம் எதையும் மாற்றாதவரை, எழுத்து கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். B நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தால் புதன்கிழமை மட்டும் வலப்பக்கம் தள்ளி நிற்பது தெரியும்.

முதலில் அதைச் சரிசெய்வோம். B நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, கணினியில் Format, Number, Plain text என்று கொடுங்கள். அதன் பிறகு புதன்கிழமைக் கட்டத்தை அழித்துவிட்டு மறுபடியும் `3,120` என்று தட்டுங்கள். ஏற்கெனவே எண்ணாகிப் போனதை நம்பி அப்படியே விடாதீர்கள். ஒரே ஒரு கட்டம்தான் என்றால், முன்னால் ஒற்றை மேற்கோள்குறி வைத்து `'3,120` என்று எழுதினாலும் போதும். ஆனால் அடுத்து சூத்திரம் எழுதப்போகும் C நெடுவரிசையை Plain text ஆக்கிவிடக் கூடாது. ஆக்கினால் சூத்திரமும் வெறும் எழுத்தாகி, விடை வராமல் அப்படியே திரையில் நிற்கும்.

இப்போது கூட்டலுக்கு வருவோம். எழுத்துத் தொடரைக் காற்புள்ளி உள்ள இடங்களில் வெட்ட வேண்டும், வெட்டிய துண்டுகளைக் கூட்ட வேண்டும். கூகுள் சீட்ஸில் வெட்டும் வேலையைச் செய்வது SPLIT. C2 கட்டத்தில் இப்படி எழுதுங்கள்:

```
=SUM(SPLIT(B2,","))
```

உள்ளே இருப்பது முதலில் நடக்கும். SPLIT திங்கள்கிழமையின் தொடரை 2.50, 1.20, 3.00 என்று மூன்று துண்டாக்கி, எண்ணாகத் தெரியும் துண்டுகளை எண்ணாகவே மாற்றித் தருகிறது. SUM அவற்றைக் கூட்டி 6.70 என்கிறது. C2-ஐக் கீழே C6 வரை இழுத்துவிட்டால் செவ்வாய் 7.30, புதன் 123, வெள்ளி 12.90 என்று வரும். செலவே இல்லாத நாளில் B கட்டம் காலியாக இருந்தால் SPLIT-க்கு வெட்ட எதுவும் இல்லாமல் `#VALUE!` என்று பிழை காட்டும். அதற்கு `=IF(B2="",0,SUM(SPLIT(B2,",")))` என்று எழுதிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமையைச் சொல்லாமல் விட்டேன். அங்கேதான் ஆபத்து. விடை 2.50 என்று வரும், 6.50 வர வேண்டும். `4 bas` என்ற துண்டில் சொல் கலந்திருப்பதால் அது எழுத்தாகவே நின்றுவிட்டது, SUM வழக்கம்போல் தாண்டிவிட்டது. வார மொத்தம் 152.40 என்று காட்டும். 3120 என்று வந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். 152.40-ஐப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தமிழ்மொழிக் கழகத்தின் பொருளாளராக இருந்து இப்படிக் கணக்கு காட்டினால், எங்கே போனது என்று தெரியாத நான்கு ரிங்கிட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. COUNTA எல்லாத் துண்டுகளையும் எண்ணும். COUNT எண்களாக உள்ள துண்டுகளை மட்டும் எண்ணும். D2-இல் ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள்:

```
=COUNTA(SPLIT(B2,","))-COUNT(SPLIT(B2,","))
```

எல்லாம் சரியாக இருந்தால் 0 வரும். வியாழக்கிழமைக்கு 1 வரும், அதாவது ஒரு துண்டு கணக்கில் சேரவில்லை. `bas` என்பதை நீக்கிவிட்டால் D-இல் 0, C-இல் 6.50. இப்போது `=SUM(C2:C6)` கொடுத்தால் 156.40, நம் மனக்கணக்கோடு ஒத்துப்போகும்.

பள்ளிக் கணினியில் எக்செல் இருந்தால் அங்கே SPLIT கிடையாது. மைக்ரோசாப்ட் 365, எக்செல் 2024 ஆகியவற்றில் TEXTSPLIT இருக்கிறது. ஆனால் அது வெட்டிய துண்டுகளை எழுத்தாகவே திருப்பித் தரும். எனவே SUM மட்டும் போட்டால் விடை 0. முன்னால் இரண்டு கழித்தல் குறி வைக்க வேண்டும்:

```
=SUM(--TEXTSPLIT(B2,","))
```

முதல் கழித்தல் குறி எழுத்தை எதிர்மறை எண்ணாக மாற்றுகிறது. இரண்டாவது அதை நேர்மறையாக்கிவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. `4 bas` போன்ற துண்டு வந்தால் எக்செல் மௌனமாகத் தாண்டாது, `#VALUE!` என்று பிழை காட்டி நிற்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் தப்பான தொகையைச் சரியானதுபோல் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பழைய எக்செலில் TEXTSPLIT இல்லை. அங்கே Data பட்டியலில் Text to Columns எடுத்து, Delimited, Comma என்று தேர்ந்தெடுத்தால் துண்டுகள் வலப்பக்கக் கட்டங்களில் தனித்தனியாக விழும். அந்தக் கட்டங்கள் முன்பே காலியாக இருக்க வேண்டும்.

சூத்திரத்தை எழுத்துப் பிசகாமல் எழுதியும் பிழை வந்தால், கோப்பின் நாட்டு அமைப்பைப் பாருங்கள். பக்கத்து நாடான இந்தோனேசியாவில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி, `2,50` என்றால் இரண்டரை. கோப்பு அந்த அமைப்பில் இருந்தால் சூத்திரத்துக்குள்ளும் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். கூகுள் சீட்ஸில் File, Settings சென்று Locale-ஐ மலேசியாவுக்கு மாற்றிவிடுங்கள்.

இரவில் தூக்கக் கலக்கத்தோடு கைப்பேசியில் பதிவு செய்ய ஒரே கட்டம் வசதிதான். ஆனால் மாதக் கடைசியில் ‘பேருந்துக்கு மட்டும் எவ்வளவு செலவானது?’ என்று அம்மா கேட்டால், இந்தத் தாளால் பதில் சொல்ல முடியாது. எந்த எண் எதற்கு என்று அதில் எங்குமே இல்லை. அந்தக் கேள்வி உங்கள் வீட்டில் வரும் என்றால், செலவுக்கு ஒரு வரிசை வைத்து, தொகையை B-இலும் காரணத்தைப் பக்கத்து நெடுவரிசையிலும் எழுதுங்கள். அப்போது SPLIT-க்கே வேலையில்லை, SUMIF போதும்.