‘முற்றிலும் இரகசியம்’ என்ற வரியை ஏன் எடுத்தோம்?

இலண்டனில் எங்களில் பலர் வேலைசெய்யும் முதியோர் இல்லமொன்றில், ‘முறைப்பாடுகள் விரைவாகவும் முற்றிலும் இரகசியமாகவும் கையாளப்படும்’ என்று ஓர் அறிவித்தல் தொங்கியது. நிர்வாகத்தின் சம்மதத்தோடு அதைத் திருத்தி எழுதினோம்.

‘விரைவாக’ என்பதற்குப் பதில் நாட்களைப் போட்டோம். முறைப்பாட்டை மேலாளரிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும். மேலாளர்மீதே என்றால் அவருக்கு மேலுள்ளவரிடம். 5 வேலைநாட்களுக்குள் கூட்டம். சக பணியாளரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கூட்டிச்செல்வது பிரித்தானியச் சட்டம் தரும் உரிமை. அடுத்த 10 வேலைநாட்களில் எழுத்தில் முடிவு. பிடிக்காவிட்டால் 5 வேலைநாட்களுக்குள் மேன்முறையீடு. அதை வேறொருவர் விசாரிப்பார்.

இரகசியம்தான் சிக்கல். இரவுவேலையெல்லாம் தனக்கே போடுகிறார் என்று ஒருவர் மேற்பார்வையாளர்மீது எழுதினால், அவர் பதில்சொல்ல விவரம் காட்டத்தான் வேண்டும். பெயரை மறைத்தாலும் வேலைநேரப் பட்டியல் ஆளைக் காட்டிவிடும். ஆகவே இப்படி எழுதினோம்: ‘யாருக்கு எதைச் சொல்லப்போகிறோம் என்று முதலில் உங்களுக்குச் சொல்வோம். முதியவர் ஒருவருக்குத் தீங்கு நடந்திருந்தால், நீங்கள் வேண்டாமென்றாலும் உள்ளூராட்சி சபைக்கு அறிவிப்போம்.’

கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டோம்: உள்விசாரணை நடப்பதால் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும் காலக்கெடு நின்றுவிடாது.